சித்தி இருக்கும் படம் வேண்டாம்!

கும்பகோணத்தில் ஒரு குடும்பம். வீட்டுப் பெரியவருக்கு அறுபது வயது நிறைகிறது. திருக்கடையூரில் சஷ்டியப்தபூர்த்தி. பத்திரிகை வேலை மூத்த மகளின் பொறுப்பு. அச்சடித்த பத்திரிகை உறவுகளுக்கு. வாட்ஸ்அப்பில் அனுப்ப தனியாக ஒரு படம். அந்தப் படத்துக்குத்தான் பிளஸ் டூ படிக்கும் அவருடைய மகன் யோசனை சொன்னான்.

"நம்ம ஃபேமிலி போட்டோ நாலு குடும்மா. ஏ.ஐ-ல போட்டா கார்ட்டூன் மாதிரி வரைஞ்சு குடுத்துடும். ரெண்டே நிமிஷம்."

2025 மார்ச்சில் ஊரே 'கிப்ளி' பாணியில் முகம் மாறியது. அதே ஆண்டு செப்டம்பரில் பெண்கள் பலர் பழைய சினிமா நாயகிபோல சேலையில் மின்னினார்கள். இந்த வீட்டிலும் இரண்டும் நடந்தது. அதனால் மூத்த மகளுக்கும் ஆசைதான். போனில் இருந்து நான்கு படங்களைத் தேர்வு செய்தார். அனுப்பும் முன் ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

"வரைஞ்சு குடுத்த பிறகு, நாம அனுப்பின போட்டோ என்னடா ஆகும்?"

மகனிடம் பதில் இல்லை. இந்தக் கேள்விக்கான பதில் நம் எல்லோருக்குமே தேவை.

படம் வரையும் வேலை நம் போனுக்குள் நடப்பதில்லை. போட்டோவின் நகல் ஒன்று அந்த நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது. அங்கேதான் வரையப்படுகிறது. வரைந்து முடிந்ததும் நகல் தானாக அழிந்துவிடும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. நாம் அந்த உரையாடலை அழிக்கும் வரை அது நம் கணக்கில் இருக்கலாம். பல சேவைகளில், நாம் வேண்டாம் என்று சொல்லாவிட்டால், அடுத்த மாடலுக்குப் பயிற்சி கொடுக்கவும் அதை எடுத்துக்கொள்ள முடியும். பயிற்சியில் கலந்துவிட்ட ஒன்றைப் பிறகு தனியே பிரித்தெடுப்பது, சாம்பாரில் கரைந்த உப்பைத் திரும்ப எடுப்பது போல.

சில படங்களை மனிதர்களும் பார்க்கலாம். கூகுளின் ஜெமினி இதைத் தன் அறிவிப்பிலேயே வெளிப்படையாகச் சொல்கிறது. மனிதர்கள் பரிசோதிக்கத் தேர்வான உரையாடல்களை, பயனர் தன் கணக்கில் அழித்த பிறகும், 3 ஆண்டுகள் வரை வைத்திருப்பார்கள். அவர்கள் பார்க்கக் கூடாது என்று நினைக்கும் எதையும் போடாதீர்கள் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது.

பெரிய நிறுவனங்கள் இந்த அளவுக்காவது சொல்லிவிட்டுச் செய்கின்றன. 'இலவசம், லாகின் தேவையில்லை' என்று விளம்பரத்தில் வரும் பெயர் தெரியாத தளங்களில் அதுவும் இருக்காது. ஜென்நோமிஸ் என்ற தென்கொரியப் படத் தளத்தின் தகவல் கிடங்கு ஒன்று, பாஸ்வேர்டு கூட இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் கண்டுபிடித்தார். 2025-ல் அந்தச் செய்தி வெளியானது. உள்ளே 93,000-க்கும் அதிகமான கோப்புகள். ஆபாசமாக உருவாக்கப்பட்ட படங்கள் நிறைய. சிறுவர்களைப் போலத் தோன்றும் படங்களும் அவற்றில் இருந்தன. அந்தக் கிடங்கைத் திருட யாரும் பூட்டை உடைக்கத் தேவையே இருக்கவில்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு அம்மாவும் மகனும் அந்த நான்கு படங்களையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார்கள்.

முதல் படம், தாத்தா பாட்டியின் கல்யாண போட்டோ. மாலையும் கழுத்துமாக இருவர் நடுவில். சுற்றிலும் சொந்தபந்தங்கள் பதினைந்து பேர். இதில் வீட்டு முகவரி இல்லை, குழந்தைகளும் இல்லை. ஆனால் பதினைந்து பேரிடம் அனுமதி வாங்க முடியுமா? அவ்வளவு பேர் தேவையும் இல்லை. தம்பதியை மட்டும் விட்டு மற்றதை வெட்டிவிட்டார்கள். சம்பந்தப்பட்ட இருவரிடமும் கேட்டார்கள். "என் மூஞ்சியை வெச்சுக்கிட்டு எவன் என்ன பண்ணப் போறான்?" என்று சிரித்தார் தாத்தா. "கூறைப்புடவை கலரை மாத்தாம இருக்கச் சொல்லு" என்றார் பாட்டி. முதல் படம் சரி.

இரண்டாவது படத்தில், இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள். பள்ளிக்கூட முதல் நாள், வாசலில் நின்று எடுத்தது. குழந்தையின் சிரிப்பைத்தான் இத்தனை நாளும் பார்த்திருந்தார்கள். இப்போது மற்றதெல்லாம் தெரிந்தது. கழுத்தில் அடையாள அட்டை. அதில் பள்ளியின் பெயர், வகுப்பு, அப்பாவின் செல் நம்பர். பக்கத்தில் ஸ்கூட்டரின் நம்பர் பிளேட். பின்னால் கதவு எண். ஒரு குழந்தையின் பெயர், பள்ளி, வீடு மூன்றும் ஒரே படத்தில். முன்பின் தெரியாத ஒருவர் பள்ளி வாசலில் வந்து, "அப்பாதான் அனுப்பினார்" என்று சொல்ல இதற்கு மேல் என்ன வேண்டும்?

கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றும் இருக்கும். போன் கேமராவில் இடம் பதிவாகும் வசதி ஆன் ஆகியிருந்தால், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு எடுத்தது என்பது படக் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். கூகுள் போட்டோஸில் படத்தை மேலே தள்ளிப் பாருங்கள். தேதியும், சில படங்களில் மேப்பும் வரும். வாட்ஸ்அப்பில் சாதாரண போட்டோவாக அனுப்பினால் இந்தக் குறிப்பு நீங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் நீங்காது. இணையதளத்தில் ஏற்றும்போது நீங்குமா என்பது போனையும் ஏற்றும் வழியையும் பொறுத்தது, அதை நம்பியிருக்க வேண்டாம். எளிய வழி, தேவையான பகுதியை மட்டும் பெரிதாக்கி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்வது. பழைய படத்தின் இடக் குறிப்பு ஸ்கிரீன்ஷாட்டுக்கு வராது.

வெட்டினால் குழந்தையின் முகம் மட்டும் மிஞ்சும். அதை அனுப்பலாமா? மகள் விவரம் தெரிந்து முடிவு சொல்லும் வயதில் இல்லை. முகம் என்பது பாஸ்வேர்டு மாதிரி மாற்றிக்கொள்ளக் கூடியதும் இல்லை. பத்திரிகையில் அவள் படம் அவசியமா என்று யோசித்தபோது, இல்லை என்று தோன்றியது. எடுத்துவிட்டார்கள்.

மூன்றாவது, தம்பியின் ஒரு வயதுக் குழந்தை அண்டாவில் குளிக்கும் படம். வீட்டில் எல்லோருக்கும் பிடித்த படம். அந்த ஜென்நோமிஸ் செய்தியைக் கேட்ட பிறகு இதில் விவாதமே நடக்கவில்லை. உடையில்லாத குழந்தையின் படம் எந்தத் தளத்துக்கும் போகக் கூடாது, அது பெரிய நிறுவனமாகவே இருந்தாலும். அது குடும்ப ஆல்பத்திலேயே இருக்கட்டும் என்று முடிவானது.

நான்காவது படம்தான் பார்ப்பதற்கு எந்தப் பிரச்னையும் இல்லாதது. போன பொங்கலுக்கு எடுத்தது. ஐந்து பேர், எல்லோரும் பெரியவர்கள், கோலத்துக்கு முன்னால். அதில் ஒருவர் மூத்த மகளின் தங்கை, மகனுக்குச் சித்தி. கணவரைப் பிரிந்து, வேறு ஊரில் பெண்கள் விடுதியில் தங்கி வேலை பார்க்கிறார். எந்த ஊர் என்பது வீட்டாருக்கு மட்டும் தெரியும். பிரிந்துபோனவர் இன்னும் சொந்தக்காரர்களுக்குப் போன் செய்து விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

போனில் கேட்டார்கள். சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை.

"என்னை விட்டுடுக்கா. கார்ட்டூனா வந்தாலும் என்னைத் தெரியும். பொங்கலுக்கு ஊருக்கு வந்தேன்னு தெரிஞ்சா, விசேஷத்துக்கும் வருவேன்னு தெரியும். தேதியும் மண்டபமும் அதே பத்திரிகையில இருக்கு."

மகன் உடனே, "சித்தி முகத்தை மட்டும் மறைச்சிடலாமா?" என்றான். முகத்தை மறைத்தால் போதாது. உயரம், நிற்கும் விதம், பக்கத்தில் நிற்கும் அக்கா, கட்டியிருக்கும் புடவை எல்லாமே தெரிந்தவர்களுக்கு அடையாளம். அதோடு, போனிலேயே மறைக்காமல் தளத்துக்கு அனுப்பிவிட்டு அங்கே மறைக்கச் சொன்னால், மறைக்காத படம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது என்றுதான் அர்த்தம். அந்தப் படமும் நின்றது.

இங்கே ஆபத்து அந்த நிறுவனத்திடமிருந்து வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வரைந்து வரும் படம் எங்கெல்லாம் சுற்றும் என்பதில் இருந்தது. எனவே யோசிக்க வேண்டியது இரண்டு பயணங்களைப் பற்றி: நாம் அனுப்பும் படத்தின் பயணம், நமக்குத் திரும்பி வரும் படத்தின் பயணம்.

சட்டம் துணைக்கு வராதா என்று கேட்கலாம். 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்கிறது. அவர்களின் தகவலைக் கையாள நிறுவனங்கள் பெற்றோரின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஆனால், படத்தை ஏற்றுவதே பெற்றோர் என்றால்? அந்த இடத்தில் குழந்தைக்காக யோசிக்க வேண்டியவர் பெற்றோர்தான்.

நான்கு படங்களில் ஒன்று மிஞ்சியது. அதை அனுப்பும் முன் செட்டிங்ஸில் ஒரு வேலை. சாட்ஜிபிடியில் Settings, பிறகு Data Controls போனால் Improve the model for everyone என்று இருக்கும். அதை ஆஃப் செய்தால், அதற்குப் பிறகு நாம் போடுபவை பயிற்சிக்குப் போகாது. ஜெமினியில் இதற்கு Keep Activity என்று பெயர். பழைய பெயர் Gemini Apps Activity. ஆஃப் செய்தாலும் நகல் உடனே மறைந்துவிடாது. சாட்ஜிபிடியில் அழித்த உரையாடல் முழுதாக நீங்க 30 நாள் வரை ஆகலாம். ஜெமினியில் ஆஃப் செய்த பிறகும் 72 மணி நேரம் வரை இருக்கும். இந்த செட்டிங்ஸ் ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. அதனால்தான் படத்தைத் தேர்வு செய்வது முதலில், செட்டிங்ஸ் அடுத்தது.

ஏற்கெனவே நிறையப் படம் போட்டாகிவிட்டதே என்று இருப்பவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. பழைய உரையாடல்களைத் திறந்து, குழந்தைகள் படம் உள்ளவற்றை முதலில் அழியுங்கள். யாருக்காவது 'ஷேர் லிங்க்' அனுப்பியிருந்தால் அந்த லிங்க்கையும் நீக்குங்கள். 2025-ல் சாட்ஜிபிடியின் அப்படிப்பட்ட பகிர்வுகள் சில கூகுள் தேடலிலேயே வந்தன. தேடலில் காட்டலாம் என்ற பெட்டியில் பயனர்கள் டிக் செய்ததால் வந்தவை அவை. பிறகு அந்த வசதி எடுக்கப்பட்டது. பெயர் தெரியாத ஆப் என்றால், முதலில் கணக்கை நீக்கக் கோருங்கள். அதன் பிறகு ஆப்பை எடுங்கள். ஆப்பை மட்டும் எடுத்தால் நம் போனில்தான் அது இருக்காது, அவர்களிடம் நம் படம் இருக்கும்.

குடும்பத்தில் யாருடைய படத்தையாவது மாற்றி ஆபாசமாக்கி யாராவது மிரட்டினால், பயந்துபோய் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டாம். மிரட்டல் வந்த எண், செய்தி, லிங்க், தேதி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுங்கள். 1930 எண்ணிலும் அழைக்கலாம். படத்தில் இருப்பவர் வீட்டுப் பெண் என்றால், முதலில் அவரிடம் சொல்ல வேண்டிய வார்த்தை, "இதுல உன் தப்பு ஒண்ணும் இல்ல" என்பதுதான்.