மரண நிழலா, காரிருளா?

‘மரண நிழலின் பள்ளத்தாக்கு’ என்ற தொடருக்கு எபிரேய மூலத்தில் இருப்பவை இரண்டே சொற்கள். முதற்சொல்லான ‘கே’ குறுகிய பள்ளத்தாக்கைக் குறிக்கும்; அதில் பூசல் இல்லை. பூசல் முழுவதும் இரண்டாம் சொல்லில். 1611இன் கிங் ஜேம்ஸ் ஆங்கிலப் பதிப்பு அதை ‘மரண நிழல்’ என்றது. அதற்கும் முந்தியவரான மார்ட்டின் லூதரோ, ஜெர்மனில் ‘இருண்ட பள்ளத்தாக்கு’ என்று மட்டும் எழுதினார். 23ஆம் சங்கீதத்தின் நான்காம் வசனத்தில் ஒருவர் மரணத்தைக் கண்டார், மற்றவர் காணவில்லை.

இதற்கு முதற்காரணம் எழுத்துமுறை. பழைய எபிரேயத்தில் பெரும்பாலும் மெய்களே எழுதப்பட்டன. இச்சொல்லில் உள்ளவை ட்ஸ், ல், ம், வ், த் என்னும் ஐந்து எழுத்துகள். நான்காம் எழுத்தான ‘வாவ்’ வகர மெய்யாகவும் நிற்கும், ‘ஊ’ என்னும் உயிராகவும் நிற்கும். மெய்யாகக் கொண்டால் ‘ட்ஸல்மாவெத்’: ‘ட்ஸேல்’ என்றால் நிழல், ‘மாவெத்’ என்றால் மரணம். உயிராகக் கொண்டால் ‘ட்ஸல்மூத்’: இருளைக் குறிக்கும் ஒரு வேரோடு பண்புப்பெயர் விகுதி சேர்ந்த சொல். புள்ளியிடாத ஓலைச்சுவடியைப் படித்தவர்களுக்கு இந்த இக்கட்டு புதிதன்று.

‘இருள்’ என்பார் பக்கம் வலுவான சான்றுகள் உண்டு. எபிரேயத்தின் உறவுமொழிகளான அக்காடியத்திலும் அரபியிலும் இதற்கு இணையான வேர் கருமையையும் இருளையும் சுட்டுகிறது. எபிரேயம் தமிழைப்போல் பொதுப்பெயர்களை எளிதில் தொகைச்சொல் ஆக்குவதில்லை. ‘நிழல்மரணம்’ என்று ஒட்டிய சொல் அம்மொழியில் அரிது. மேலும், வெயில் காயும் அந்நிலத்தில் நிழல் என்பது நம்மிடம் போலவே பெரும்பாலும் அடைக்கலம், அச்சுறுத்தல் அன்று.

ஆனால் ‘மரணம்’ என்பார் பக்கமும் வெறும் பழக்கம் அன்று. உயிர்க்குறிகளை இட்டு மூலத்தை நிலைநிறுத்திய மசோரெத்தியர்கள் கி.பி. முதலாயிரத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தவர்கள். அவர்களே மரணத்தைப் புகுத்தினர் என்று சொல்ல வழியில்லை. அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னே, எபிரேயத்திலிருந்து கிரேக்கத்துக்குப் பெயர்த்த யூதர்களும் இவ்விடத்தில் ‘மரண நிழல்’ என்றே எழுதியிருக்கிறார்கள். அந்த ஒலிப்பு அவ்வளவு பழையது.

ஆகவே நான் சொற்பிறப்பை விட்டு வழக்கைப் பார்த்தேன். எபிரேய விவிலியத்தில் இச்சொல் 18 முறை வருகிறது. அவற்றுள் 10 யோபு நூலில். ஆமோஸ் 5:8இல் கடவுள் இதை விடியலாக மாற்றுகிறார். விடியலுக்கு எதிர் இரவின் இருளே. மரணம் அங்கே பொருந்தாது. யோபு 28:3இல் சுரங்கத் தொழிலாளர் இதனுள் கல்லைத் தேடுகிறார்கள். அது பூமிக்கடியின் இருட்டு. ஆனால் யோபு 38:17இல் ‘மரணத்தின் வாயில்கள்’ என்பதற்கு இணையடியாக இச்சொல்லின் வாயில்கள் வருகின்றன. அங்கே புலவரின் காதில் ‘மாவெத்’ ஒலிக்கவில்லை என்று யார் சொல்ல முடியும்? சொல் இருளில் பிறந்திருக்கலாம். ஆனால் சில இடங்களிலேனும் அதன் ஒலிக்குள் மரணம் குடியேறிவிட்டது. டி. வின்டன் தாமஸ் என்னும் அறிஞர் மூன்றாம் வழியொன்றைக் காட்டினார்: ‘மரணம்’ இங்கே மிகுதியைக் காட்டும் சொல், ஆகவே பொருள் ‘கடும் நிழல்’. நாமும் ‘மரண அடி’ என்கிறோம். அடிபட்டவர் சாக வேண்டியதில்லை.

இவ்வேறுபாடு நூலகத்தோடு முடிவதன்று. கண் அறுவைக்கு முந்தைய நாள் என் பாட்டிக்கு இச்சங்கீதத்தை வாசிக்கப் போனபோது, “அது அடக்கத்துக்கு வாசிக்கிறது, வேண்டாம் தம்பி” என்று தடுத்துவிட்டார். பழைய தமிழ்ப் பதிப்பில் அவ்விடத்தில் இருப்பது ‘மரண இருள்’. இரு கட்சியையும் ஒரே தொகையில் கட்டிய தொடர். ஆனால் அவர் காதில் முதற்பாதிதான் விழுந்திருந்தது. பாடலிலோ நடப்பவன் சாகவில்லை. ஆடுகள் மேய்ப்பனோடு இடுக்கு வழியைக் கடக்கின்றன. அடுத்த வசனத்தில் விருந்து காத்திருக்கிறது.

எனவே இந்த ஒரு வசனத்துக்கு என் தெரிவு ‘காரிருள்’. சூழலில் இருப்பது வழியும் துணையும், கல்லறை இல்லை. 2011இல் திருத்தப்பட்ட ஆங்கில என்.ஐ.வி. பதிப்பும், தான் முன்பு வைத்திருந்த ‘மரண நிழலை’ அடிக்குறிப்புக்கு அனுப்பிவிட்டு, ‘மிக இருண்ட பள்ளத்தாக்கு’ என்பதை மேலே வைத்தது. யோபு 38:17ஐ நான் பெயர்க்க நேர்ந்தால் மரணத்தை விடமாட்டேன். ஒரே சொல்லுக்கு எல்லா இடத்திலும் ஒரே பெயர்ப்பு வேண்டும் என்பவர்கள் இதை ஒப்பமாட்டார்கள். மொழிபெயர்ப்பாளர்களின் பூசல் தீராததற்கு அதுவும் ஒரு காரணம்.