பதினோரு ஆண்டு சர்வீஸ்

தம்பினிலிருந்து கெமெஞ்சே போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்த தோட்டம் அது. ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. கடைசியில் நிலமே வீடமைப்புக்கு விலையானது. வேலை இழந்தவர்களுக்குக் கம்பெனி ஆளுக்கொரு காசோலை கொடுத்தது. வாங்கிக்கொண்டு போனவர்களிடம், ஓய்வு பெற்ற கிராணி ஒருவர் தொகையைப் பார்த்துவிட்டு, "பழைய கம்பெனி காலத்துப் பதினோரு வருஷ சர்வீஸை இதுல சேர்க்கவே இல்லையே" என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் கமிட்டித் தலைவர் என்னைத் தேடி வந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டிய கைகள் அவருடையவை. கையில் நான்கு பக்கக் கடிதம் ஒன்று இருந்தது.

"ஐயா, இதுல உள்ளது எல்லாம் உண்மை. அப்படியே டைப் பண்ணி, கீழ உங்க பேரப் போட்டு அனுப்பிடுங்க" என்றார்.

கடிதம் கோபத்தில் எரிந்துகொண்டிருந்தது. "எங்கள் பதினோரு வருஷத்தைத் திருடிய கொள்ளைக்காரர்கள்" என்று தொடங்கி, மானேஜரின் குடும்பம் வரைக்கும் போயிருந்தது. போலீசில் புகார் கொடுப்போம், மந்திரியிடம் போவோம், பத்திரிகைக்குப் போவோம் என்று மூன்று மிரட்டல்கள். நகல் போகும் முகவரிகளே அரைப் பக்கம். அவர்கள் கோபத்தில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. லயத்தில் பிறந்து அதே லயத்தில் பேரப்பிள்ளை எடுத்தவர்களிடம் பதினோரு வருஷம் நடக்கவே இல்லை என்று சொன்னால் வேறு என்ன எழுதுவார்கள்?

ஆனால் நான்கு பக்கத்தையும் படித்து முடித்தபோது ஒன்று உறைத்தது. யாருக்கு எவ்வளவு வர வேண்டும் என்று எங்கேயும் இல்லை. எந்தத் தேதிக்குள் என்று இல்லை. எந்தச் சட்டப்படி என்றும் இல்லை. "எங்களுக்கு நியாயம் வேண்டும்" என்பதுதான் கோரிக்கை. இதைப் படிக்கும் கம்பெனி வக்கீலுக்குப் பதில் எழுதுவது மிகவும் சுலபம்: குற்றச்சாட்டுகளை முற்றாக மறுக்கிறோம், அவதூறு வழக்குத் தொடரும் உரிமையை வைத்துக்கொள்கிறோம் என்று இரண்டே வரி. பணத்தைப் பற்றி அவர் பேசவே வேண்டியதில்லை, ஏனென்றால் நாம் பேசவில்லை.

கமிட்டியிலேயே தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவர் இதைத் திருத்தி வேறொரு படி கொண்டுவந்தார். "தொழிலாளர்களின் நிலையைக் கருணையுடன் பரிசீலித்து, இயன்ற உதவியைச் செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்." வசை ஒன்றுகூட இல்லை. ஆனால் இது முதல் கடிதத்தைவிட ஆபத்தானது என்று அவரிடமே சொன்னேன். சட்டப்படி வர வேண்டிய பாக்கியை இது உதவியாக்கிவிடுகிறது. உதவி கேட்டவருக்கு ஆளுக்கு இருநூறு வெள்ளி கொடுத்துவிட்டு, கேட்டதைச் செய்துவிட்டோம் என்று சொல்ல முடியும். விசாரணையிலும் இந்தக் கடிதத்தையே நம் முன் நீட்டுவார்கள்.

இரண்டு கடிதத்திலும் இல்லாதது கணக்கு. அதனால் முதலில் கணக்குப் போட உட்கார்ந்தோம்.

1980ஆம் ஆண்டின் பணிநீக்கச் சலுகை விதிமுறைகள் இதில் தெளிவாக இருக்கின்றன. ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ வேலை செய்தவருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சம்பளம். ஒரு நாள் சம்பளம் என்பது கடைசிப் பன்னிரண்டு மாதச் சராசரி. தோட்டம் கைமாறும்போது புது முதலாளி ஆட்களை அதே வேலையில் குறைவில்லாத நிபந்தனைகளோடு தொடர வைத்தால், பழைய முதலாளியிடம் செய்த சர்வீஸும் அறுபடாமல் கூடவே வரும். கம்பெனி விட்டது இந்தக் கடைசி விதியைத்தான்.

ஒரு பால் வெட்டுகாரப் பெண்மணியின் கணக்கை எல்லோருக்கும் முன் போட்டுக் காட்டினேன். சராசரி நாள் சம்பளம் 25 வெள்ளி. கம்பெனி எடுத்தது தோட்டத்தை வாங்கியபின் நடந்த 7 ஆண்டு மட்டும்: 25 பெருக்கல் 20 பெருக்கல் 7, ஆக 3,500 வெள்ளி. அதற்கு முன் அவர் அதே நிரையில் வெட்டிய 11 ஆண்டையும் சேர்த்தால் 18 ஆண்டு, 9,000 வெள்ளி. மீதி 5,500. அந்த 11 ஆண்டுக்கு என்ன அத்தாட்சி என்று கேட்டபோது, பிளாஸ்டிக் பையிலிருந்து ஊழியர் சேமநிதி அறிக்கைகளை எடுத்து வைத்தார். பழைய கம்பெனி மாதாமாதம் கட்டிய சந்தா அதில் வரிசையாக இருந்தது.

பிறகு வார்த்தைக்கு வந்தோம். "பதினோரு வருஷத்தைத் திருடிய கொள்ளைக்காரர்கள்" என்ற வரிக்குப் பதில் இப்படி எழுதினேன்:

"இவருக்குக் கொடுத்த 3,500 வெள்ளி, 7 ஆண்டு சர்வீஸை வைத்துக் கணக்கிடப்பட்டிருக்கிறது. தோட்டம் கைமாறியபோது இவருடைய வேலை ஒரு நாளும் தடைபடவில்லை. 1980ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அதற்கு முந்தைய 11 ஆண்டும் சேர வேண்டும். சேர்த்தால் வருவது 9,000 வெள்ளி. பெற்றுக்கொண்ட தொகையைக் கழித்து, மீதி 5,500 வெள்ளியைச் செலுத்தக் கோருகிறோம்."

தலைவர் திரும்பத் திரும்பப் படித்தார். "திட்டு எதுவுமே இல்லையே, ஐயா" என்றார்.

"திருடினார்கள் என்றால் அவர்கள் மறுக்கலாம், அண்ணே. 18 ஆண்டை 7 ஆண்டாக எழுதியிருக்கிறார்கள் என்றால் எதை மறுப்பார்கள்?"

அடுத்து, அவர்கள் பின்வாங்க ஒரு வழி வைத்தேன்: "கணக்கு எடுத்தபோது பழைய சர்வீஸ் பதிவேடுகள் தங்கள் கைக்கு வராமல் இருந்திருக்கலாம். நகல்கள் இத்துடன் உள்ளன." தலைமை அலுவலகத்தில் இருப்பவர், தன் மானேஜரைக் குற்றவாளியாக்காமல் மேலிடத்தில் கையெழுத்து வாங்க இந்த ஒரு வரி போதும். ஆனால் இங்கே கவனம் வேண்டும். "இருந்திருக்கலாம்" என்பது காரணத்துக்கு மட்டும். பாக்கி இருக்கிறது என்ற வரியில் அந்தச் சொல் வரக் கூடாது. "தங்கள் நல்லெண்ணத்தில் எங்களுக்கு ஐயமில்லை" என்று ஆசிரியர் சேர்க்கச் சொன்ன வாக்கியத்தையும் எடுத்துவிட்டேன். தெரியாத ஒன்றுக்கு நாம் ஏன் சாட்சி சொல்ல வேண்டும்?

போலீஸ் மிரட்டலை அடியோடு எடுத்தேன். பணம் வாங்குவதற்காகக் கிரிமினல் புகாரைக் காட்டிப் பயமுறுத்தும் கடிதம், எழுதியவர் மேலேயே வழக்காகத் திரும்பக்கூடும். அந்த இடத்தில் வந்தது: "14 நாளுக்குள் தொகை கிடைக்காவிட்டால், 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 69ஆம் பிரிவின் கீழ் தொழிலாளர் இலாகாவில் ஒவ்வொருவர் பெயரிலும் மனு தாக்கல் செய்யப்படும்." அதில் உரத்த சொல் ஒன்றும் கிடையாது. செய்யக்கூடிய ஒன்றை, செய்யப்போகும் நாளோடு சொன்னதுதான் அதன் பலம்.

தலைப்பில் "உரிமைக்குப் பாதகமின்றி" என்ற வழக்கமான வரியையும் போடவில்லை. சமரசப் பேச்சுக்கு அது பொருந்தும். 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அத்தகைய பேச்சை விசாரணையிலிருந்து காக்கிறது. எனக்கோ இந்தக் கடிதம் விசாரணை மேசைக்குப் போயாக வேண்டும். அனுப்புமுன் எல்லோரையும் உட்காரவைத்துத் தமிழில் வாசித்துக் காட்டினேன். மலாயில் தட்டச்சான கடிதத்தின் பின்னிணைப்பில் ஒவ்வொருவர் பெயரும், ஆண்டும், தொகையும் இருந்தன.

பதில் கெடுவுக்குள் வந்தது. மறுப்போ வசையோ இல்லை. சிலருடைய பழைய சம்பளச் சீட்டுகளைக் கேட்டிருந்தார்கள். கொடுத்தோம். பெரும்பாலோருக்கு மீதித் தொகை முழுதாக வந்து சேர்ந்தது. இடையில் வேலையை விட்டுப்போய்த் திரும்பி வந்த இருவரின் ஆண்டுக் கணக்கில் மட்டும் உடன்பாடு வராமல், அது தொழிலாளர் இலாகாவின் விசாரணைக்குப் போனது. எங்கள் கடிதமே அங்கே முதல் ஆவணமாகக் குறிக்கப்பட்டது. ஒருவருக்கு முழு சர்வீஸும் சேர்ந்தது. மற்றவருக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து மட்டுமே கணக்கு என்று அதிகாரி உத்தரவிட்டார்.

தோட்டத்தில் இன்னும் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சேமநிதி அறிக்கையையும் சம்பளச் சீட்டையும் தூக்கி எறியாதீர்கள். கடிதத்தில் ஒரு எண்ணை எழுத வேண்டிய நாள் வரும்போது, அது அந்தத் தாளிலிருந்துதான் வர வேண்டும்.