ஜூனுக்குச் சீட்டு இல்லை

சிவகாசியில் அடுத்த வருசத்துக் காலண்டர் ஆடி பதினெட்டுக்கே வந்துவிடும். ஐந்து மாதம் முன்னாடியே நல்ல நாள், கெட்ட நாள், பண்டிகை எல்லாம் அச்சாகித் தயாராக இருக்கும். அந்தக் காலண்டரை வெளியூருக்கு அனுப்புகிற ஊரில்தான், ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பது வருசா வருசம் ஏதோ திடீர்ச் செலவு மாதிரி வந்து நிற்கிறது.

இப்படித் தேதியும் தொகையும் முன்பே தெரிந்த செலவுக்குத் துண்டு துண்டாகப் பணம் ஒதுக்கி வைப்பதை ஆங்கிலத்தில் சிங்கிங் ஃபண்ட் என்பார்கள். நம்மிடம் அதற்குப் பெயர் தீபாவளிச் சீட்டு. வாராவாரம் நூறோ இருநூறோ கட்டினால் தீபாவளிக்கு முன்னால் பட்டாசு, பலகாரம், பாத்திரம், சில இடங்களில் தங்கக் காசு. இது தெருவுக்கு ஒன்று உண்டு. ஆனால் ஜூனுக்கு யாரும் சீட்டு நடத்துவதில்லை. காரணம் எளிது. தீபாவளிச் சீட்டு பிடிக்கிறவருக்கு அது ஒரு வியாபாரம். மொத்தமாகச் சரக்கு வாங்கிச் சில்லறையாகக் கொடுப்பதில் லாபம் இருக்கிறது, இடையில் பணமும் கையில் புரளும். பள்ளிக் கட்டணத்தில் அவருக்கு என்ன கிடைக்கும்?

ஆகவே ஜூன் சீட்டை நாமேதான் நடத்திக்கொள்ள வேண்டும். என் அக்கா வீட்டுக்கு அதைக் கணக்குப் போட்டபோதுதான் அது சாதாரண வகுத்தல் இல்லை என்று புரிந்தது. அக்காவும் மாமாவும் பட்டாசு ஆலையில் வேலை. சனிக்கிழமை கூலி. இருவருடையதும் சேர்த்து வாரம் ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. தீபாவளிச் செலவைப் போனஸ் பார்த்துக்கொள்ளும். மற்றபடி தெரிந்த செலவுகள் நான்கு: தைப்பொங்கலுக்கு 4,000, விருதுநகர் பங்குனிப் பொங்கலுக்கு 6,000, ஜூனில் இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளிக் கட்டணம், நோட்டு, சீருடை என்று 26,000, செப்டம்பரில் காப்பீட்டு பிரீமியம் 9,000. மொத்தம் 45,000.

இதை 52 வாரத்தால் வகுத்தால் 865 ரூபாய். அக்கா ஏற்கெனவே கிட்டத்தட்ட இவ்வளவுதான் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். "கணக்கு சரியாத்தான் இருக்கு தம்பி, ஜூன்ல மட்டும் எங்க போகுதுன்னு தெரியல" என்றாள்.

பணம் எங்கேயும் போகவில்லை, இன்னும் வந்து சேரவில்லை. தீபாவளி முடிந்ததும் ஆலை மூடிக்கிடக்கும். 2025 தீபாவளி அக்டோபர் 20. அக்காவுக்கு மறுபடி கூலி கிடைக்கத் தொடங்கியது நவம்பர் கடைசி வாரம். அங்கிருந்து மே முடிய 27 சனிக்கிழமை. அதில் மழை, எங்காவது விபத்து நடந்தால் வருகிற ஆய்வு, அதனால் ஆலை நிற்கிற நாட்கள் என்று மூன்று வாரமாவது கழியும். மிச்சம் 24 கூலி. 24 தடவை 865 போட்டால் 20,760. ஜூன் முதல் வாரத்துக்குள் வெளியே போக வேண்டியதோ பொங்கல் இரண்டும் பள்ளியும் சேர்த்து 36,000. பதினைந்தாயிரத்துச் சொச்சம் குறைகிறது. வருசக் கணக்கில் சரியாக இருக்கிற தொகை ஜூன் மாதக் கணக்கில் தப்பு. அந்தப் பதினைந்தாயிரத்தைத்தான் வார வட்டிக்காரர் கொண்டுவந்து தருகிறார்.

எனவே வகுக்க வேண்டியது 52ஆல் அல்ல. ஒவ்வொரு செலவுத் தேதிக்கும், அதுவரை ஆகும் மொத்தச் செலவை, அதுவரை கிடைக்கப்போகும் கூலிகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வரும் விடைகளில் பெரியது எதுவோ அதுதான் வாரத் தொகை. அக்காவுக்கு அது ஜூன்: 36,000ஐ 24ஆல் வகுத்தால் 1,500. ஐயாயிரம் கூலியில் ஆயிரத்து ஐந்நூறு எடுத்து வைக்க முடியாது. இதை அக்கா சொல்வதற்கு முன்பே மாமா சொல்லிவிட்டார்.

வழி போனஸில் இருந்தது. அதில் 10,000 ரூபாயைத் தொடக்க இருப்பாகப் போட்டுவிட்டால், ஜூனுக்கு மீதித் தேவை 26,000. வாரம் சுமார் 1,100 போதும். ஜூனில் பள்ளிக்குக் கட்டிவிட்டுப் பார்த்தால் இருப்பு 400 ரூபாய், கிட்டத்தட்டக் காலி. ஆனால் அங்கிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை 15 சனிக்கிழமை, பிரீமியம் போக 7,900 நிற்கும். 2026 தீபாவளி நவம்பர் 8. அதற்கு முன் இன்னும் ஏழு சனிக்கிழமை இருப்பதால், இரண்டொரு வாரம் தவறினாலும் பத்தாயிரத்துக்கு மேல் திரும்பச் சேர்ந்துவிடும். அதாவது போனஸைத் தொட வேண்டியது ஒரே ஒரு வருசம்தான். அதற்குப் பிறகு நிதியே தன் தொடக்க இருப்பை உண்டாக்கிக்கொள்ளும்.

கூலி வரும் நாளிலேயே எடுத்து வைப்பது இந்த மண்ணுக்குப் புதிது இல்லை. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை பிடி அரிசியில் நடந்த பள்ளிக்கூடம். வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே போட்டு வைப்பார்கள். சேர்ந்த அரிசியைப் பள்ளிக்காகத் திரட்டுவார்கள். காமராஜர் படித்தது அங்கேதான். அதில் மாதத் தேதி கிடையாது. உலை வைக்காத நாளில் பிடியும் இல்லை. அக்காவின் ஏற்பாட்டிலும் அதே விதிதான்: கூலி வராத வாரம் எதுவும் போட வேண்டியதில்லை, அந்த வாரங்களைத்தான் முதலிலேயே கழித்துவிட்டோமே.

தபால் ஆபீஸ் ஆர்.டி. இதற்குப் பொருந்தவில்லை. மாதாமாதம் ஒரே தொகை கட்ட வேண்டும், தவணை ஐந்து வருசம். தெரிந்தவரிடம் சீட்டாகக் கொடுப்பதில் வேறு ஆபத்து. பதிவில்லாத சீட்டுக்காரர் ஓடிப்போனால், 2019இல் ஒழுங்குமுறையற்ற வைப்புத் திட்டங்களுக்கு எதிராக வந்த சட்டம் வழக்குக்கு உதவலாம், ஜூன் கட்டணத்துக்கு உதவாது. அக்கா ஏ.டி.எம். கார்டு வாங்காமல் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொண்டாள். வட்டி சொற்பம்தான், பரவாயில்லை.

சிட்டையில் முக்கியமான வரி ஒன்று உண்டு. பங்குனிப் பொங்கல் செலவு முடிந்த கையோடு இருப்பு 17,600 இருக்க வேண்டும். 12,000தான் இருக்கிறது என்றால் 5,600 குறைகிறது, மிச்சமிருப்பது எட்டு வாரம். வாரம் 700 கூடப் போட முடியுமா, அல்லது பள்ளியில் இரண்டு தவணையாகக் கேட்பதா என்பதை அப்போதே யோசிக்கலாம். ஜூனில் தெரிந்தால் வட்டிதான்.

இதற்கு ஒரு எல்லை இருக்கிறது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை சொன்னது. தீபாவளி முடிந்து திறக்க வேண்டிய ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. அப்படி ஒரு வருசம் வந்தால் 24 கூலி என்ற கணக்கே உடைந்துபோகும், பள்ளிக்கு வைத்தது அரிசிக்குப் போகும். தெரிந்த செலவுக்கான நிதி தெரியாத வேலைநிறுத்தத்தைத் தாங்காது. அதற்குத் தனிச் சேமிப்பு வேண்டும்.

அதைப் பற்றிக் கேட்டபோது அக்கா, "மொதல்ல ஜூனத் தாண்டுவோம் தம்பி" என்றாள். நவம்பரில் பத்தாயிரத்துக்கு மேல் நிற்கிற மிச்சத்தை அதற்கு எடுத்து வைப்பதாக இருக்கிறாள்.