எங்கட குசினி சிங்க்கின் 'களக்… களக்'

புதுக் குசினி கட்டி இரண்டு வருஷமாகுது. சிங்க்கில் தண்ணி இறங்கி முடியிற நேரம் 'களக் களக்' என்று ஒரு சத்தம் வரும். நாங்க கணக்கெடுக்கல்ல. வீட்டுக்கு வாறவங்க கேட்டா, "அது எங்கட சிங்க் ஏப்பம் விடுது" என்று சொல்லிச் சிரிப்போம்.

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு சத்தம் மாறிச்சு. சிங்க்கைத் திறக்காமலே, வொஷிங் மெஷின் தண்ணியைத் தள்ளும்போது சிங்க் ஓட்டைக்குள்ளால குமிழி வந்திச்சு. தண்ணியும் மெதுவாத்தான் இறங்கிச்சு. காலையில குசினிக் கதவைத் திறந்தா கான் மணம். பைப் பாஸ் ஒருவர் வந்து பார்த்துட்டு, "டைல்ஸை உடைச்சு லைனைப் புதுசாப் போடணும் டீச்சர்" என்றார். அந்த டைல்ஸுக்குக் கட்டின லோன் இன்னும் முடியல்ல. அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிட்டு, முதல்ல நாங்களே பார்ப்போம் என்று இறங்கினோம்.

அஞ்சு லீட்டர் தண்ணிப் போத்தலைக் கவிழ்த்துப் பாருங்க. வாயால தண்ணி வெளியே வரும், அதே வாயால காத்து உள்ளே போகும். அதனாலதான் களக் களக் என்று அடிக்கும். அடியில ஒரு ஓட்டை போட்டா சத்தமே இல்லாமல் ஊத்தும். பைப்பும் இப்படித்தான். சத்தம் என்றால் காத்து தனக்கு வழியில்லாமல் தண்ணிக்குள்ளால பாயுது. எந்தப் பக்கமிருந்து பாயுது என்பதுதான் கேள்வி.

மெஷின் ஓடும்போது சிங்க்கில் குமிழி வந்தா, காத்து கீழிருந்து மேலே தள்ளப்படுது. இரண்டு லைனும் சேர்ற இடத்துக்கு அங்கால பாதி அடைப்பு இருக்கு. தண்ணி தேங்கி, பைப்புக்குள்ள இருந்த காத்தை சிங்க் பக்கம் தள்ளுது. வளவுக்குள்ள இருக்கிற குழி மூடியைத் திறந்து, பைப் முடியிற வாயில கம்பியை விட்டுப் பார்த்தோம். சவர்க்காரக் கட்டி மாதிரி வெள்ளையாக இறுகின மாட்டுக் கொழுப்பு, சோறும் தேங்காய்ப் பூவும் ஒட்டினபடி. ஒரு பழைய பெயின்ட் வாளியில கால்வாசி வந்திச்சு. (கொஸ்டிக் சோடா போட்டு கொதிதண்ணி ஊத்தச் சொன்னவங்களும் இருக்காங்க. அது பொங்கித் தெறிச்சா கண்ணுக்கு ஆபத்து, சூட்டில பிவிசி பைப்பும் இளகும். நாங்க போடல்ல.)

தண்ணி விறுவிறு என்று இறங்கிச்சு, மெஷின் ஓடும்போது குமிழியும் நின்டிச்சு. ஆனா அந்தப் பழைய ஏப்பம் போகல்ல. மணமும் போகல்ல.

சிங்க்குக்குக் கீழே இருக்கிற போத்தல் ட்ரப்புக்குள்ள எப்பவும் கொஞ்சம் தண்ணி நிற்கணும். அதுதான் கான் மணத்துக்குப் போட்ட தடை. அது நிற்குதா என்று அளந்தோம். முதல்ல ஒரு ஜக் தண்ணியை மெல்ல மெல்ல ஊத்திவிட்டு, ட்ரப்பின் அடி மூடியைக் கழட்டி கிளாஸில் பிடிச்சோம்: ஒரு கிளாஸ் நிறைய. மூடியைப் பூட்டி, சிங்க்கை முட்ட நிரப்பி ஒரேயடியாகத் திறந்தோம். சத்தம் ஓய்ந்த பிறகு கழட்டிப் பார்த்தா கால் கிளாஸும் இல்ல. எங்கட தடையை எங்கட தண்ணியே உறிஞ்சிக்கொண்டு போயிருக்கு.

காரணம் வெளிச் சுவரில இருந்திச்சு. சிங்க் பைப் சுவருக்கு வெளியே வந்து மூன்றரை அடி நேரே கீழே விழுந்து, மண்ணுக்குள்ள ஒட்டி மூடப்பட்டிருக்கு. நிறைஞ்சு விழுற தண்ணி ஊசிக்குள்ள இருக்கிற தண்டு மாதிரி பின்னால இழுக்கும். அந்த இழுப்புக்குக் காத்துக் கிடைக்கிற ஒரே வழி ட்ரப்தான். உம்மாட பழைய வீட்டு சிங்க் பைப் திறந்த கானுக்கு மேலே முடிஞ்சிச்சு, குட்டையா, செங்குத்தா இறங்காமல். அங்க ஏப்பமே இல்ல. நாங்க அழகுக்கு மூடினோம், காத்துக்கு வழி வைக்கல்ல.

பாஸைத் திரும்பக் கூப்பிட்டு கிளாஸைக் காட்டினோம். அவர் கொஞ்ச நேரம் பேசல்ல. பிறகு, "அப்போ மேல ஒரு வழி விடுவம்" என்றார். பைப் கீழே திரும்புற அந்த முழங்கையைக் கழட்டி டீ ஒன்று போட்டு, அதிலிருந்து ஒன்றரை இஞ்சிப் பைப்பைச் சுவரோட கூரைக்கு மேலே கொண்டுபோனோம். ஜன்னலுக்குக் கீழே நிப்பாட்டினா மணம் திரும்ப வீட்டுக்குள்ளேயே வரும். நுளம்பு போகாமல் வாயில வலை கட்டினோம். அரை நாள் வேலை. ஒரு டைல்ஸும் உடையல்ல.

பின்னேரம் சிங்க்கை நிரப்பித் திறந்து திரும்ப அளந்தோம். கிளாஸில் ஒரு விரல்தான் குறைவு.

உங்கட வீட்டில டொய்லட்டும் சேர்ந்து சத்தம் போட்டா, சிங்க்கைப் பார்க்க முன்னம் மலகூடக் குழி நிரம்பியிருக்கா என்று பாருங்க. எங்கட மேல்மாடி பேசினும் இப்ப மெல்லக் களக்குது; அதுக்குக் கிளாஸ் பிடிக்கிறது தவணை லீவுக்கு.