கை மட்டும் டூப்புடையது

சாலிகிராமத்தில் அந்த ஸ்டூடியோ ஒரு மாவு மில்லின் மாடியில் இருக்கிறது. கீழே மில் ஓடினால் மேலே மேசை லேசாக அதிரும். ஜன்னல்களில் கறுப்புத் துணி. உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர் ஆளுக்கு இரண்டு திரைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் போனபோது ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"முகத்த மாத்துற வேலை ரெண்டாவது நாளே முடிஞ்சுருச்சு சார். மீதி ஒன்பது நாளா, எத மாத்தக் கூடாதுன்னுதான் பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றார் குழுவை நடத்துபவர்.

ஷாட் ஐந்து விநாடி, அதாவது 120 ஃப்ரேம். டூப் பைக்கை ஒடித்து நிறுத்துகிறார், வலது புறங்கையால் நெற்றி வியர்வையைத் துடைக்கிறார், கேமராவை நேராகப் பார்க்கிறார். முதல் பாதிக்கு டூப் போதும். அந்தக் கடைசிப் பார்வைக்குத்தான் கதாநாயகன் முகம் வேண்டும். வெட்டிவிட்டு நாயகனை வைத்துத் தனியாக எடுத்திருக்கலாம். இயக்குநருக்கு வெட்டில்லாமல் வேண்டுமாம். போதாததற்கு அந்தப் பாத்திரம் கண்ணாடி போட்டவர், முன்முடி நெற்றியில் விழும். கை, முடி, கண்ணாடி மூன்றும் ஒரே ஷாட்டில். ஷாட்டைக் காட்டுவதற்கு முன்பு நாயகனும் டூப்பும் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதங்களைக் குழுத் தலைவர் எடுத்துக் காட்டினார். அது இல்லாமல் எந்த முகத்தையும் தொடுவதில்லையாம்.

நுட்பம் புதிதாகத் தெரிந்தாலும் ஆசை பழையதுதான். 2010-இல் வந்த 'தி சோஷியல் நெட்வொர்க்' படத்தில் இரட்டையர்களில் ஒருவருக்கு உடல் ஜோஷ் பென்ஸ், முகம் ஆர்மி ஹேமர். இன்று அந்த வேலையில் ஒரு பகுதியை, பயிற்சி கொடுத்த மாடல் செய்கிறது. நாயகன் முகத்தைப் பல கோணங்களில், பல வெளிச்சங்களில் எடுத்த சில ஆயிரம் படங்களையும், இந்த ஷாட்டில் உள்ள டூப்பின் முகங்களையும் அதற்குக் கொடுக்கிறார்கள். பழகி முடித்ததும், டூப்பின் ஒவ்வொரு பாவனைக்கும் நாயகன் முகத்தில் ஒரு சதுரத் துண்டை அது வரைந்து தருகிறது. அந்தத் துண்டில் எவ்வளவு படத்தின் மேல் ஏறலாம், எங்கே அடியில் இருக்கும் டூப்பின் படமே தெரிய வேண்டும் என்று சொல்வது மாஸ்க். படம் பிடித்த மூல ஃப்ரேமை இவர்கள் 'பிளேட்' என்கிறார்கள். ஒன்பது நாள் வேலை, மாஸ்க்குக்கும் பிளேட்டுக்கும் நடுவில் நடந்ததுதான்.

மாஸ்க்கைப் பழக்கும் பெண்ணின் பக்கத்தில் ஒரு நாற்காலி கிடைத்தது. வேலை DeepFaceLab-இல். அவர் திறந்து வைத்திருந்தது இது:

```
5.XSeg) data_dst mask - edit.bat
```

டூப்பின் முகம் ஒரு சதுரத்தில் வந்து நிற்கிறது. தாடையிலிருந்து புருவத்துக்கு மேல் வரை புள்ளி புள்ளியாக வைத்து ஒரு கோடு சுற்றினார்: இது முகம். பிறகு கையைச் சுற்றி இன்னொரு கோடு: இது முகம் இல்லை. 120 ஃப்ரேமுக்கும் இப்படி வரைவதில்லை. கையின் நிலை மாறும் இடங்களாகப் பார்த்து முப்பது சொச்சம் ஃப்ரேம் வரைந்து, அதை வைத்து மாஸ்க் மாடலைப் பழக்குகிறார்; மற்றவற்றை அதுவே வரைகிறது. தப்பாக வரைந்த ஃப்ரேமைத் தேடிப் பிடித்து, அதையும் கையால் வரைந்து, மறுபடி பழக்க வேண்டும். "பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுக்கிற மாதிரிதான் சார். எங்க தப்பு பண்ணுதோ அத மட்டும் திரும்பத் திரும்ப" என்றார்.

கை 31-ஆவது ஃப்ரேமில் உள்ளே வருகிறது, 58-இல் வெளியேறுகிறது. மாஸ்க்கில் கையை வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் அப்படியே ஓட்டிக் காட்டினார். கை அழகாக மேலே வந்தது. ஆனால் அது நெற்றிக்கு ஏறியதும் முகம் ஒரு கணம் ஊதிச் சுருங்கியது. மறையாத இடது கண் வேறெங்கோ பார்த்துவிட்டுத் திரும்பியது.

காரணம் மாஸ்க்கில் இல்லை. புருவம், கண், மூக்கு, வாய், தாடை என்று 68 புள்ளிகளைக் கண்டுபிடித்துத்தான் மென்பொருள் முகத்தைச் சதுரத்தில் நேராக நிறுத்துகிறது. கை மறைக்கும் இடத்தில் புள்ளிகளை அது ஊகிக்கிறது. ஊகம் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறினால் முகமும் பெரிதாகிச் சிறிதாகும். அந்த ஃப்ரேம்களின் புள்ளிகளை அழித்துவிட்டுக் கையால் மறுபடி பொருத்த வேண்டும். கண் வழுக்கியதற்குக் காரணம் வேறு. மாஸ்க் வெட்டுவது வெளியே வரும் படத்தை மட்டும்தான். மாடலுக்குள் போகும் படத்தில் கை அப்படியேதான் இருக்கிறது. விரலின் விளிம்பை அது இமையாகவோ உதடாகவோ எடுத்துக்கொள்கிறது. இதற்கு அவர்கள் கண்ட வழி: 30-ஆவது ஃப்ரேமின் நல்ல கண்ணை எடுத்து, தலையின் அசைவுக்கு ஒட்டி நகர்த்தி, கெட்ட ஏழு ஃப்ரேம்களிலும் பதிப்பது. அந்த ஏழில் டூப் கண் சிமிட்டாமல் இருந்தது அவர்கள் அதிர்ஷ்டம்.

இவ்வளவுக்குப் பிறகும் கை வெட்டி ஒட்டியது போலத்தான் இருந்தது. ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை. கம்பாசிட்டிங் செய்யும் இளைஞர் பிளேட்டையும் புதிய படத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினார். பிளேட்டில் கைக்கும் முகத்துக்கும் நடுவே மெல்லிய நிழல் ஒன்று இருந்தது. தோலும் தோலும் நெருங்கும் இடம் என்பதால் அது கறுப்பாக இல்லை, கொஞ்சம் சிவந்து இருந்தது. மாடல் முகத்தின் பொதுவான வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்கிறது. இந்தச் சின்ன நிழலைத் தவறவிடுகிறது. அதைக் கையின் விளிம்பை ஒட்டி இவர் வரைந்து சேர்க்கிறார், நிறத்தைப் பிளேட்டிலிருந்தே எடுத்து. வேகமாக நகரும் கையின் விளிம்பு வேறு மங்கலாக இருக்கும். அந்த மங்கலில் பாதி கை, பாதி டூப்பின் முகம். நெற்றியில் என்றால் தெரியாது, நிறம் ஒன்றுதானே. புருவத்தைக் கடக்கும் இரண்டு ஃப்ரேமில் டூப்பின் புருவம் கறுப்புப் புகையாகக் கையோடு ஒட்டிக்கொண்டு போனது. அந்த இடத்தில் மங்கலை முழுக்க அழித்து, கூர்மையான விளிம்பு வரைந்து, கையின் வேகத்துக்கு ஏற்ப மறுபடி மங்கலாக்கினார்.

"விரல் கன்னத்த அழுத்தியிருந்தா?" என்று கேட்டேன்.

"அழுத்தின இடத்துல கன்னம் குழியுமே சார். நம்ம முகம் குழியாது. அப்போ இயக்குநர்கிட்டப் போய் வேற டேக் கேக்க வேண்டியதுதான்."

முடிக்கு இவ்வளவு பாடில்லை. நெற்றியையே விட்டுவிட்டார்கள். புதிய முகம் புருவத்துக்குச் சற்று மேலே முடிந்துவிடும். அதற்கு மேல் நெற்றியும் முன்முடியும் டூப்புடையவை. நெற்றியைப் பார்த்து யாரும் ஆளை அடையாளம் காண்பதில்லை, நிறம் மட்டும் பொருந்தினால் போதும். மிஞ்சியது, கை துடைத்துவிட்டுப் போன பிறகு புருவத்தைத் தாண்டிக் கண்வரை இறங்கிய ஒரே ஒரு கற்றை. XSeg மாஸ்க் வேலை செய்வது 256-க்கு 256 புள்ளிச் சதுரத்தில். இந்த ஷாட்டின் முகமோ எழுநூறு புள்ளிக்கு மேல். மாஸ்க்கின் ஒரு கட்டத்துக்குள் இரண்டு மூன்று முடி படுத்துக்கொள்ளும். ஆகவே மாஸ்க்கை நம்பாமல், பிளேட்டில் தோலைவிட இருட்டாக இருப்பதை மட்டும் பிரித்தெடுத்துப் புதிய முகத்தின் மேல் போட்டார்கள். வியர்வையில் நனைந்த முடி பளபளத்த இடங்களில் அது தோலை மிஞ்சிய வெளிச்சம். அங்கே மட்டும் கற்றை அறுந்து அறுந்து தெரிந்தது. அந்த அறுந்த இடங்களை ஒருவர் உட்கார்ந்து கோடு கோடாக வரைந்தார்.

கண்ணாடிதான் அவர்களைப் படுத்திய சாமான். கை முகம் இல்லை, முடி முகம் இல்லை என்று சொல்லிவிடலாம். லென்ஸை அப்படிச் சொல்ல முடியாது. அதற்குப் பின்னால்தான் கண் இருக்கிறது. கண்ணை மாற்றாவிட்டால் மாற்றியதற்கே அர்த்தமில்லை.

முதலில், நாயகன் அதே கண்ணாடி போட்டிருக்கும் படங்களைக் கொடுத்து, கண்ணாடி ஃப்ரேமோடு சேர்த்தே முகத்தை வரைய வைத்திருக்கிறார்கள். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்ததாம். ஓடவிட்டால் ஃப்ரேம் தண்ணீரில் மிதப்பது போல அசைந்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்கு வழி சொன்னார்கள்: கண்ணாடியின் கீல் இருக்கும் ஓரத்தைப் பாருங்கள். முன்பக்கம் மாடல் வரைந்தது, காதுக்குப் போகும் கம்பி பிளேட்டில் உள்ளது. இரண்டும் சேரும் இடத்தில் கம்பி ஒடிந்ததுபோலத் தெரிந்தால் வேலை கெட்டது.

அதனால் ஃப்ரேமை முழுக்கப் பிளேட்டிலிருந்தே எடுத்தார்கள். பட்டையாகத் தடித்த ஃப்ரேம் என்பதால் கோடு போட்டு வெட்ட முடிந்தது. மெல்லிய கம்பி ஃப்ரேம் என்றால் முடியின் கதைதான். லென்ஸுக்குள் புதிய கண். அதன் மேல் லென்ஸின் பிரதிபலிப்பைத் திரும்பப் போட வேண்டும், இல்லையென்றால் கண்ணாடியில் கண்ணாடியே இருக்காது. பிரதிபலிப்பு கூடுதல் வெளிச்சம் என்பதால் பிளேட்டில் தோலைவிட வெளிச்சமாக இருப்பதைப் பிரித்துப் புதிய முகத்தோடு கூட்டினார்கள். இதில் ஒரு தொல்லை: கண்ணின் வெள்ளையும் வெளிச்சம்தான். முதல் தடவை டூப்பின் கண் வெள்ளை, பேய்போல நாயகன் கண் மேல் மிதந்தது. கண் பகுதியை மட்டும் ஒதுக்கி, அங்கே பிரதிபலிப்பின் கோட்டைக் கையால் நீட்டினார்கள். டூப்பின் லென்ஸ் பவர் இல்லாத வெறும் கண்ணாடி. மைனஸ் பவர் லென்ஸாக இருந்திருந்தால் கண் சிறுத்து, கன்னத்தின் விளிம்பு உள்வாங்கித் தெரியும். புதிய முகத்தையும் அதே அளவுக்கு வளைத்துத்தான் வைக்க வேண்டும்.

"லென்ஸக் கழட்டிட்டு வெறும் ஃப்ரேம மாட்டி எடுத்துக் குடுங்கன்னு ஷூட்டுக்கு முன்னாடியே எழுதிக் குடுத்தோம்" என்றார் குழுத் தலைவர். "ரெண்டே ரெண்டு லென்ஸ். அதக் கழட்டாததுக்கு இங்க நாலு நாள்." அந்தக் காகிதம் எந்த உதவி இயக்குநரின் பையில் தூங்கியதோ. ஒரே ஒரு புகைப்படத்தை வைத்து ராத்திரிக்குள் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னதை நம்பி, தயாரிப்புத் தரப்பு முதலில் அதைத்தான் முயன்றதாம். அந்த வகையில் பரவலாக ஓடும் inswapper_128 தருவது 128-க்கு 128 புள்ளி முகம். அதை எழுநூறுக்கு இழுத்தபோது கண்ணாடி ஃப்ரேம் மூக்கோடு உருகி ஒட்டியிருந்தது. அந்தப் படத்தை ஒரு திரையில் இன்னும் வைத்திருக்கிறார்கள், சிரிப்பதற்கு.

மாலையில் முழு ஷாட்டையும் ஓட்டினார்கள். பைக் நின்றது, கை துடைத்தது, நாயகன் பார்த்தார். நான் கீல் ஓரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கம்பி ஒடியவில்லை. அனுப்பிவிட்டு டீ வரவழைத்தார்கள். டம்ளர் காலியாவதற்குள் பதில் வந்துவிட்டது. முகம் ஓகே. ஆனால் துடைக்கும் கையில், மணிக்கட்டுக்கு மேலே நீளமாக ஒரு தையல் தழும்பு இருக்கிறது. நாயகனுக்கு அப்படி ஒன்று இல்லை, எடுத்துவிடவும்.

பதினோரு நாளில் அதை யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பெண் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு 31-ஆவது ஃப்ரேமைத் திறந்தார்.