தயிர்ல ஏன் தண்ணி விடுது?

எங்கட மாமி கரடியனாறில எருமைத் தயிர் போடுறா. சட்டித் தயிர்தான். கொஞ்சம் வீட்டு வாசல்லயே போயிரும். மிச்சத்தைக் கடைக்காரர் சொல்லுற விலைக்குக் குடுக்கணும். தயிர் நெல்லு மாதிரி இல்ல, விலை ஏறுமட்டும் மூட்டை கட்டி வைச்சிருக்க ஏலாது. நேரா வாங்குற ஆக்கள் கூடினாத்தான் அவவுக்கு ஏதும் மிஞ்சும். அதுக்காகத்தான், கூகிள்ல தேடுறவங்களுக்குத் தெரியுற மாதிரி ஒரு கட்டுரை எழுதுவம் எண்டு தொடங்கினோம்.

“எருமைத் தயிரின் சிறப்புகள்” என்று தலைப்பு வைப்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். அதைத் தேடுகிறவர் தயிர் வாங்க வந்தவர் இல்லை, பெரும்பாலும் பாடசாலைப் பிள்ளை. அதனால் எழுதுவதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பழைய கொப்பி ஒன்றை மாமியின் போனுக்குப் பக்கத்தில் வைத்தோம். பத்து நாளுக்கு யார் என்ன கேட்டாலும், அவங்க சொன்ன அதே வார்த்தையில் எழுத வேண்டும் என்பதுதான் ஒரே விதி. வட்ஸ்அப்பில் வந்த பழைய குரல் பதிவுகளையும் கேட்டு எழுதினோம்.

கொப்பியில் திரும்பத் திரும்ப வந்தவை நாலு கேள்விதான். தயிர்ல ஏன் தண்ணி விடுது, கலப்படமா? ஃபிரிஜ் இல்லாம எத்தனை நாளைக்கு வைக்கலாம்? கொழும்புக்கு பஸ்ஸில போட்டு விடலாமா? ஒரு சட்டி என்ன விலை?

வார்த்தைதான் இங்கே முக்கியம். புத்தகத்தில் இதற்கு “மோர்நீர் பிரிதல்” என்று இருக்கும். ஆனால் கொப்பியில் ஒருத்தர்கூட அப்படிக் கேட்கவில்லை. “தண்ணி விடுது” என்று கேட்கிறவர் தேடும்போதும் ஏறத்தாழ அப்படித்தான் தட்டுவார். சிலர் தமிழில் தட்டுவார்கள், சிலர் thayir என்று, சிலர் buffalo curd அல்லது mee kiri என்று. தேடல் பெட்டியில் பாதி வசனத்தைத் தட்டிவிட்டு நிறுத்தினால் கூகிள் மிச்சத்தைத் தானே காட்டும். அதெல்லாம் மற்றவர்கள் உண்மையாகத் தேடியவற்றிலிருந்து வருவது. கொப்பியையும் அதையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முதல் கேள்வியையே தலைப்பாக்கினோம். இந்தப் பெயர்களை எல்லாம் வரிக்கு வரி திணிக்கத் தேவையில்லை. இயல்பாக ஒரு இடத்தில் வந்தால் போதும். திணித்தால் வாசிக்கிறவருக்கும் எரிச்சல், கூகிளும் அதைக் குப்பை என்றுதான் எடுக்கும்.

பிறகு பதில். பதில் முதல் இரண்டு வரியிலேயே இருக்க வேண்டும். பரம்பரைக் கதை எல்லாம் கீழே போகலாம். நாங்கள் எழுதிய தொடக்கம் இது:

“தயிர்ல தண்ணி விட்டா அதை மட்டும் வைச்சுக் கலப்படம் எண்டு சொல்ல ஏலாது. உறைஞ்ச தயிரைக் கரண்டியால வெட்டினாலும், வண்டியில குலுங்கினாலும், வெக்கையில கன நேரம் இருந்தாலும் மஞ்சள் கலந்த தண்ணி பிரியும். மண்சட்டி அதில கொஞ்சத்தை உறிஞ்சும், பிளாஸ்டிக் உறிஞ்சாது. அதனால கப்பில இருக்கிற தயிர்ல தண்ணி கூடத் தெரியும்.”

அதற்குக் கீழே, எப்போது உண்மையாகவே சந்தேகப்பட வேண்டும் என்று எழுதினோம். பச்சை, கறுப்பு, ரோசா நிறத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தால் மேலால் வழித்துவிட்டுச் சாப்பிடக் கூடாது, முழுவதையும் கொட்ட வேண்டும். மாமிக்கு இந்த வரி பிடிக்கவில்லை. “நம்மட சாமானையே நாம கொட்டச் சொல்லுறதா மகள்?” என்றா. என் கணக்கில் அந்த வரிதான் மிச்சத்தை நம்ப வைக்கிறது. விற்கிறவர் தனக்குப் பாதகமானதையும் சொல்லும்போதுதான் தண்ணியைப் பற்றிச் சொன்னதும் எடுபடும்.

ஃபிரிஜ் கேள்விக்கு மற்ற இணையத்தளங்களில் இருந்து எண்ணைப் பிரதி பண்ணவில்லை. ஒரே நாள் போட்ட இரண்டு சட்டியை எடுத்து, ஒன்றை அடுப்படியிலும் மற்றதை ஃபிரிஜ்ஜிலும் வைத்து, தினமும் ருசி பார்த்து, படம் எடுத்து எழுதினோம். கரடியனாறு வெயிலில் ஒரு சட்டி எப்படிப் புளிக்கும் என்பது வேறு யாரிடமும் இல்லாத தகவல்.

பெரிய சண்டை விலையில்தான். “எழுதினா பக்கத்துக் கடைக்காரர் பாத்துக் குறைச்சுக் குடுப்பார்” என்பது மாமியின் வாதம். இதே வாதத்தை அமெரிக்காவில் நீச்சல்குளம் கட்டுகிறவர்களும் சொன்னார்கள். வேர்ஜீனியாவில் மார்க்கஸ் ஷெரிடன் என்பவரும் கூட்டாளிகளும் நடத்திய ரிவர் பூல்ஸ் நிறுவனம் 2008 பொருளாதார வீழ்ச்சியில் மூடும் நிலைக்கு வந்தது. விளம்பரத்துக்குக் காசு இல்லை. அவர் வாடிக்கையாளர் கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்து எழுதத் தொடங்கினார். அதில் ஒன்று, ஃபைபர்கிளாஸ் குளம் கட்ட என்ன செலவாகும் என்பது. அந்தத் துறையில் எல்லாரும் தவிர்த்த கேள்வி அது. அவரும் ஒரே விலை சொல்லவில்லை. எது கூடினால் விலை கூடும், எது குறைந்தால் குறையும், எந்த எல்லைக்குள் வரும் என்று விளக்கினார். அந்த ஒரு கட்டுரையால் வந்த விற்பனை 17 லட்சம் டொலருக்குக் குறையாது என்று 2013இல் நியூயோர்க் டைம்ஸுக்குச் சொன்னார்.

தயிருக்கும் அதே வழி சரிவந்தது. சட்டியின் அளவு, கோடையில் பால் குறையும் காலம், பஸ்ஸில் அனுப்பினால் கட்டும் கூலி என்று விலை எதனால் மாறும் என்பதை எழுதி, அந்த மாத விலையையும் மாதத்தின் பெயரோடு போட்டோம். மாதம் மாறினால் விலையும் மாற்றப்படும். பழைய விலை கிடந்தால் போனில் சண்டைதான் வரும்.

போடும்போது கவனித்தது இரண்டு. கட்டுரை எழுத்தாகவே இருக்க வேண்டும். அழகான போஸ்டரில் எழுதிப் படமாகப் போட்டால் அந்த வரிகளைத் தேடலில் பிடிப்பது கஷ்டம். மற்றது, போட்ட உடனே எதுவும் நடக்காது. கூகிள் முதலில் பக்கத்தைக் கண்டுபிடித்து, வாசித்து, தன் அட்டவணையில் சேர்க்க வேண்டும். சேர்ந்ததா என்று பார்க்க, site: என்பதற்குப் பின்னால் தள முகவரியைத் தட்டித் தேடலாம். Search Console என்ற இலவசக் கருவி இன்னும் விபரமாகச் சொல்லும். எந்தத் தேடலுக்கு நம் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் அமத்தினார்கள் என்று அதில் இருக்கும். நிறையக் காட்டியும் ஒருவரும் அமத்தவில்லை என்றால் தலைப்பையும் முதல் வரியையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

முதல் கிழமைகளில் ஒன்றுமே இல்லை. பிறகு வந்த தேடல்களில் கூட, வீட்டில் தயிர் புளிக்காமல் உறைய வைப்பது பற்றித்தான் இருந்தது. அவர்கள் வாங்குகிற ஆக்கள் இல்லை. கொழும்புக்கு அனுப்புவதைத் தேடி வந்தவர்கள் மிகக் குறைவு, ஆனால் போன் எடுத்தது அவர்கள்தான். அதனால் வாசித்தவர் தொகையை விட, “எங்க பாத்து எடுத்தீங்க?” என்று மாமி கேட்டு கொப்பியில் போடும் புள்ளடிதான் எனக்குக் கணக்கு. “பக்கத்தில் தயிர்க் கடை” என்று தேடுகிறவருக்கு இந்தக் கட்டுரை உதவாது. அதற்கு கூகிள் வரைபடத்தில் கடையைப் பதிய வேண்டும், அது வேறு வேலை.

இப்ப கொப்பியில் புதுக் கேள்வி ஒன்று அடிக்கடி வருது: சீனி வருத்தக்காரர் எருமைத் தயிர் சாப்பிடலாமா? தேடுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று தெரியும். மாமியும் எழுதச் சொல்லுறா. நான் எழுதவில்லை. உடம்பு விஷயத்தில் விற்கிறவர் சொல்லும் பதிலை நம்பக் கூடாது, கூகிளும் அப்படியான பக்கங்களைக் கூடக் கவனமாகத்தான் பார்க்கும். “டொக்டரிட்டக் கேட்டுட்டு எடுங்க” எண்டு போன்லயே சொல்லச் சொல்லியிருக்கேன்.