பெருமூச்சு இல்லாத அழைப்பு

“பரவாயில்லப்பா, நீ அங்கேயே இரு. அம்மாதான் பாவம், உனக்குப் பிடிக்கும்னு முறுக்கு சுட்டு வச்சிருக்காங்க.”

சென்ற ஆண்டு தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது, சிங்கப்பூரில் வேலை செய்யும் என் தம்பிக்கு நான் அனுப்பிய குரல்பதிவு இது. அவன் வரவில்லை. அடுத்த இரண்டு மாதம் என் அழைப்பையும் எடுக்கவில்லை.

கோபம் ஆறியபின் அந்தப் பதிவை மீண்டும் போட்டுக் கேட்டேன். வானொலி அறிவிப்பாளரான எனக்கு என் குரலை நானே கேட்டுத் திருத்துவது அன்றாட வேலை. ‘பரவாயில்ல’ என்பதற்கு முன்னால் நான் விட்ட பெருமூச்சு தெளிவாகக் கேட்டது. அதைக் கேட்டால் நானும் ஃபோனை எடுத்திருக்க மாட்டேன்.

இந்த ஆண்டு ஆறு வாரத்துக்கு முன்பே கேட்டுவிட முடிவு செய்தேன். சிங்கப்பூரில் தீபாவளிக்கு ஒரு நாள்தான் பொது விடுமுறை. பாலம் தாண்டி சுங்கை சிப்புட்டுக்கு பஸ்ஸில் வர ஓர் இரவு போய்விடும். கடைசி நேரத்தில் கேட்டால் அவனால் ‘முடியாது’ என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

“குடும்ப வாட்ஸ்அப் குழுவில போடு. பெரியம்மா, சித்தி எல்லாரும் கேட்டா வந்துடுவான்” என்றார் அம்மா. நான் போடவில்லை. அத்தனை பேர் முன்னால் அவன் எப்படி மறுப்பான்? அவனுக்கு மட்டும் அனுப்பினேன்.

“தம்பி, பசியாறிட்டியா? தீபாவளிக்கு வர முடியுமா? எனக்கு உன்னைப் பார்க்கணும்போல இருக்கு. லீவு கிடைக்கலன்னா சொல்லு, வேற நாள் பார்த்துக்கலாம். மாசக் கடைசிக்குள்ள சொன்னா போதும்.”

முதலில் பதிவு செய்ததில் “அம்மாவுக்கும் வயசாகுது” என்று ஒரு வரி இருந்தது. அது உண்மைதான். ஆனால் அம்மாவின் உடல்நிலையைப் பேச வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக அழைக்கலாம். அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்தேன்.

ஐந்து நாள் பதில் இல்லை. நினைவூட்டாமல் இருந்ததுதான் பெரும்பாடு.

ஆறாம் நாள் எழுதியிருந்தான்: “தீபாவளி அன்னிக்கு டூட்டிக்கா. அடுத்த சனி, ஞாயிறு வரட்டுமா? போன வருஷமும் டூட்டிதான். சொன்னாலும் நம்பமாட்டீங்கன்னு விட்டுட்டேன்.”

சென்ற ஆண்டு நான் அவனிடம் காரணமே கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. “கண்டிப்பா வா” என்று மட்டும் அனுப்பினேன்.

அம்மாவின் முகம் வாடிவிட்டது. “தீபாவளி முடிஞ்சு வந்து என்ன செய்ய?” என்றார்.

“அதை என்கிட்ட எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லுங்கம்மா. அவன்கிட்ட மட்டும் வேணாம்.”

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு டின் முறுக்கைத் தனியாக எடுத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

சனிக்கிழமை காலை தம்பி பையோடு வாசலில் வந்து நின்றான். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“பசியாறிட்டியாய்யா?”